நிழலுக்குக் கறுப்புச் சாயம் வேண்டாம்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இப்போது ஒரு வகைப் படம் அதிகம் தென்படுகிறது. மாணவர்கள் தங்கள் பள்ளி வளாகத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறார்கள். கணினியில் முப்பரிமாணப் பொருள் ஒன்றை வடிவமைக்கிறார்கள். பிறகு அந்தப் பொருளை அந்தப் புகைப்படத்துக்குள் 'வைத்து', எங்கள் திட்டம் நிறைவேறினால் இடம் இப்படித்தான் இருக்கும் என்று பலகையில் ஒட்டிவிடுகிறார்கள். மழைநீர்த் தொட்டி, சூரியத் தகடு, நிழற்கூரை என்று எதுவாகவும் இருக்கலாம். படம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனாலும் பொருள் தரையில் நிற்காமல் ஒட்டிவைத்தது போன்ற ஓர் உறுத்தல் நமக்கு ஏற்படும். பத்தில் எட்டுப் படங்களிலாவது குற்றவாளி நிழல்தான்.

அந்த நிழலை மாணவர் தூரிகையால் தீட்டியிருப்பார். கறுப்பு நிறத்தை எடுத்து, ஓரத்தை மங்கலாக்கி, அறுபது விழுக்காடு ஒளிபுகும்படி வைத்து முடித்திருப்பார். ஓவியப் போட்டி என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அறிவியல் கண்காட்சியில் வைக்கும் படத்துக்கு இந்த நிழலை ஏற்கக்கூடாது என்பது என் கருத்து. தீட்டாமல் நிழலைக் கணக்கிட்டுப் பெறும் வழி, மாணவர்கள் பயன்படுத்தும் அதே இலவச மென்பொருளிலேயே இருக்கிறது. அந்த வழி என்ன செய்கிறது, எங்கே தவறும் என்பதை ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்.

ஒரு கீரைப் பாத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கிழக்கு ஓரத்தில் 40 செண்டிமீட்டர் உயரத்துக்குச் செங்கல் விளிம்பு கட்டியிருக்கிறார்கள். விளிம்புக்கு அப்பால் சிமெண்டுத் தரை. அந்தத் தரையில், விளிம்பிலிருந்து 30 செண்டிமீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரமுள்ள உருளை வடிவ மழைநீர்த் தொட்டியை வைக்கலாமா என்பதுதான் மாணவர்களின் திட்டம். படத்தைப் பார்த்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் ஒதுக்கப்போகிறது. இடம் கோலாலம்பூர் வட்டாரம். மார்ச் மூன்றாம் வாரம், காலை 11.20. மாணவர் பாத்திக்கு மேற்கே நின்று, கிழக்கு நோக்கிப் படம் எடுக்கிறார். பின்னணியில் பள்ளியின் சுற்றுச்சுவர் தெரிகிறது.

படம் எடுக்கும்போதே செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. ஒரு மீட்டர் கோலைத் தொட்டி வரப்போகும் இடத்தில் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழலை அளந்துகொண்டு, கோலோடு ஒரு படமும் கோல் இல்லாமல் ஒரு படமும் எடுக்கவேண்டும். கைத்தொலைபேசி இரண்டு முறையும் அசையாமல் இருக்கவேண்டும். அந்த நேரத்தில் நிழல் ஏறக்குறைய 58 செண்டிமீட்டர் வரும். ஒன்றை 0.58 ஆல் வகுத்து, எந்தக் கோணத்தின் டேன்ஜெண்ட் அது என்று பார்த்தால் 60 பாகை கிடைக்கும். சூரியன் அடிவானத்திலிருந்து 60 பாகை உயரத்தில் இருக்கிறது. ஆகவே 1.5 மீட்டர் தொட்டியின் நிழல் 87 செண்டிமீட்டர் நீளும். நிழலைத் தீட்டிய மாணவரிடம் அவர் நிழலின் நீளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

இனி நிழல் என்றால் என்ன என்ற கேள்விக்கு வருவோம். பாடநூலில் ஒளி தடைபடும் இடம் என்று படிக்கிறோம். ஆனால் வெயிலில் விழும் நிழலுக்குள் ஒளியே இல்லை என்று சொல்லமுடியாது. அங்கே உட்கார்ந்து புத்தகம் வாசிக்கலாம். தரைக்கு இரண்டு மூலங்களிலிருந்து ஒளி வருகிறது. ஒன்று நேர்வெயில். மற்றது நாலாபக்கமும் பரந்திருக்கும் வானத்தின் ஒளி. தொட்டி நேர்வெயிலை முழுவதும் மறைக்கும். வானொளியில் கொஞ்சத்தை மட்டுமே மறைக்கும். ஆகவே நிழலை ஒரு விகிதமாகச் சொல்லலாம்: பொருள் இருக்கும்போது அந்த இடத்துக்கு வரும் ஒளியை, பொருள் இல்லாதபோது வந்த ஒளியால் வகுத்தால் கிடைக்கும் எண்.

இந்த எண்ணைப் புகைப்படத்திலிருந்தே தோராயமாகப் பெறலாம். ஒரு கெட்டி அட்டையைத் தரைக்கு அருகே பிடித்து, சிமெண்டின் மீது அதன் நிழலை விழச்செய்து படம் எடுங்கள். வெயில் பட்ட சிமெண்டின் பிக்சல் மதிப்பு 200, நிழலில் உள்ள சிமெண்டின் மதிப்பு 96 என்று வைத்துக்கொள்வோம். மொத்த அளவுகோல் 0 முதல் 255 வரை. 96-ஐ 200 ஆல் வகுத்து, பாதி ஒளி குறைந்தது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். புகைப்படக் கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. இருண்ட பகுதிகளுக்கு அதிக எண்கள் கிடைக்கும்படி அவை வளைத்துப் பதியப்படுகின்றன. வளைவை நீக்கிப் பார்த்தால் 200 என்பது 0.58 அளவு ஒளி. 96 என்பது 0.12 அளவு ஒளி. விகிதம் ஏறக்குறைய 0.2. அதாவது ஐந்தில் நான்கு பங்கு ஒளி போய்விட்டது. நம் கண்ணுக்கும் கோப்புக்கும்தான் அது பாதி போலத் தெரிகிறது. இந்த 0.2-ஐ வளைவை நீக்காமல் நேரே 200-ஆல் பெருக்கினால் 40 வரும். உண்மையான நிழல் 96. நிழல் கரிக்கட்டையாகத் தெரியும் படங்களில் இந்தத் தவறும் ஒரு காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புதிய கைத்தொலைபேசிகள் பல, படம் எடுத்த உடனேயே நிழற்பகுதிகளைத் தாமாக வெளிச்சமாக்கிவிடுகின்றன. HDR என்ற தெரிவு இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் கணக்கிடும் விகிதம் வானத்தின் விகிதமாக இருக்காது. தொலைபேசியின் விருப்பமாக இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். RAW கோப்பு எடுக்கமுடிந்தால் இன்னும் நல்லது.

ஒரே ஒரு எண் போதுமென்றால் தூரிகையே போதுமே என்று கேட்பீர்கள். சமமான தரையில், திறந்த வெயிலில், ஒற்றைப் பொருளாக இருந்தால், கைதேர்ந்தவர் தீட்டும் நிழலுக்கும் கணக்கிட்ட நிழலுக்கும் பெரிய வேறுபாடு இராது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போகவேண்டும். நம் பாத்தியிலோ செங்கல் விளிம்பு இருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தொட்டியின் நிழல் மேற்கு நோக்கி, அதாவது படம் எடுப்பவரை நோக்கி விழுகிறது. முதல் 30 செண்டிமீட்டர் சிமெண்டின் மீது வருகிறது. பிறகு செங்கல் விளிம்பின் கிழக்கு முகத்தில் ஏறி, மேற்பரப்பைக் கடந்து, அந்தப் பக்கம் பாத்தி மண்ணில் இறங்குகிறது. விளிம்புக்கும் சொந்த நிழல் உண்டு. 40 செண்டிமீட்டர் உயரத்துக்கு 23 செண்டிமீட்டர் நீளம். ஆகவே விளிம்பை ஒட்டிய 23 செண்டிமீட்டர் அகலப் பட்டை ஏற்கெனவே நிழலில்தான் இருக்கிறது. புகைப்படத்திலும் அது இருண்டுதான் பதிவாகியிருக்கிறது. தொட்டி வந்தால் அந்தப் பட்டை மேலும் எவ்வளவு இருளும்?

எளிய எண்களை வைத்துப் பார்ப்போம். திறந்த தரைக்கு நேர்வெயில் 80 பங்கு, வானொளி 20 பங்கு, மொத்தம் 100. தொட்டியின் நிழல் விழும் திறந்த மண்ணில் வெயில் 80-ம் போய், வானொளியிலும் 2 குறைந்து 18 மிஞ்சுகிறது, விகிதம் 0.18. விளிம்பின் நிழற்பட்டையிலோ தொட்டி வருவதற்கு முன்பே வெயில் இல்லை. வானத்தில் ஒரு பகுதியை விளிம்பு மறைப்பதால் 14 பங்கு வானொளிதான் அங்கே வருகிறது. தொட்டி வந்தபின் அது 13 ஆகலாம். விகிதம் 0.93. கண்ணுக்குத் தெரியவே தெரியாத மாற்றம். இல்லாத வெயிலை இரண்டாவது முறை பறிக்கமுடியாது அல்லவா?

தூரிகைக்கு இது தெரியாது. அது தீட்டிய இடமெல்லாம் ஒரே 0.2 ஆல் பெருக்கும். 14 பங்கு 2.8 ஆகிவிடும். அந்த வளாகத்தில் எங்கு தேடினாலும் காணமுடியாத ஓர் இருட்டு, விளிம்பை ஒட்டிக் கறுப்புப் பட்டையாகப் படத்தில் தெரியும். நிழலுக்குள் இன்னொரு நிழலின் வடிவம் கண்ணுக்குத் தெரிந்தால், வெயிலில் எடுத்த படத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். செய்தித்தாளில் வரும் வீடமைப்பு விளம்பரங்களிலும் இதைத் தேடிப் பாருங்கள்.

கணக்கிடும் வழி இந்தச் சிக்கலை எப்படிக் கையாளுகிறது? பிளெண்டர் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒளியின் பாதையைப் பின்பற்றிப் படத்தை உருவாக்கும் பகுதிக்கு Cycles என்று பெயர். அது முடிந்த படத்தை மட்டும் தருவதில்லை. பொருளின் நிறம், தூரம், நிழல் என்று தனித்தனி அடுக்குகளாகவும் தரும். இவற்றைத்தான் ரெண்டர் பாஸ் என்கிறார்கள். நமக்கு இரண்டு அடுக்குகள் போதும்: நிழல் அடுக்கு, ஆழ அடுக்கு.

முதலில் புகைப்படத்தை எடுத்த கேமராவின் கோணத்தை மென்பொருளுக்குள் மீண்டும் உருவாக்கவேண்டும். fSpy என்ற இலவசக் கருவி இதற்கு உதவும். படத்தில் இணையாக ஓடும் கோடுகளை அதில் குறித்தால், கேமரா எந்தக் கோணத்தில் எவ்வளவு அகலமாகப் பார்த்தது என்று அது கணித்துக் கொடுக்கும். சிமெண்டுத் தரையின் ஓரங்களும் செங்கல் விளிம்பும் அதற்குப் போதும். தெரிந்த நீளம் ஒன்றையும் அதற்குக் கொடுக்கவேண்டும். புகைப்படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு இந்த வேலையைத் தொடங்காதீர்கள்; கேமராவின் நடுப்புள்ளி இடம் மாறிப்போய்க் கணிப்பு கோணலாகிவிடும்.

பிறகு தரைக்கு ஒரு சமதளமும் செங்கல் விளிம்புக்கு ஒரு நீளப் பெட்டியும் வரைந்து, புகைப்படத்தில் உள்ளவற்றோடு பொருந்தும்படி வைக்கவேண்டும். அவை இரண்டுக்கும் `Object Properties > Visibility` பகுதியில் `Shadow Catcher` என்பதைத் தெரிவுசெய்யவேண்டும். நான் வகுப்பில் இதை 'நிழல் ஏந்தி' என்கிறேன். நிழல் ஏந்தி தன் உருவத்தைப் படத்தில் காட்டாது. தன்மேல் விழும் நிழலை மட்டும் பிடித்துக் கொடுக்கும். தொட்டிக்கு இந்தத் தெரிவு வேண்டாம். `Render Properties > Film` பகுதியில் `Transparent`-ஐயும், `View Layer Properties > Passes` பகுதியில் `Shadow Catcher`, `Z` என்ற இரண்டு அடுக்குகளையும் தெரிவுசெய்தால் ஆயத்தம் முடிந்தது.

இப்போது மென்பொருள் ஒவ்வொரு பிக்சலுக்கும் இரண்டு கணக்குகளைப் போடுகிறது. நிழல் ஏந்திகள் மட்டும் இருந்தால் இங்கே எவ்வளவு ஒளி இருக்கும் என்பது ஒன்று. தொட்டியும் சேர்ந்தால் எவ்வளவு என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்துக் கிடைப்பதே நிழல் அடுக்கு. மேலே நாம் கையால் போட்ட அதே வகுத்தல்தான். செங்கல் விளிம்பு இரண்டு கணக்கிலும் இருப்பதால், அதன் நிழற்பட்டையில் மேலும் கீழும் வெயில் சுழியம். விகிதம் 0.93 என்று தானாகவே வந்துவிடும். யாரும் போய் அந்த இடத்தை அழிப்பானால் துடைக்கவேண்டியதில்லை. இதற்கு ஒரே நிபந்தனை, விளிம்பையும் மென்பொருளுக்குள் கட்டியிருக்கவேண்டும் என்பது. தரைத்தளத்தை மட்டும் வைத்துவிட்டு விளிம்பை விட்டுவிட்டால், நிழல் அடுக்கும் தூரிகையைப் போலவே பொய் சொல்லும். நிழல் விளிம்பின்மீது ஏறாமல் தட்டையாகப் படுத்திருக்கும்.

இந்த எண்ணம் பழையது. கணினியில் உருவாக்கிய பொருளை உண்மைக் காட்சிக்குள் வைக்க, அதே காட்சியைப் பொருளோடும் பொருளின்றியும் இருமுறை கணக்கிடும் முறையை பால் டெபெவெக் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் விரிவாக விளக்கினார். அவர் இரண்டையும் வகுக்காமல் கழித்து, வரும் வேறுபாட்டைப் புகைப்படத்தோடு கூட்டினார். வகுப்பதானாலும் கழிப்பதானாலும் அடிப்படை ஒன்றே: பொருள் வந்ததால் ஏற்பட்ட மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, புகைப்படத்தில் ஏற்கெனவே இருப்பதை அப்படியே விட்டுவிடுவது.

அடுக்குகளை ஒன்றுசேர்க்கும் வாய்பாடு சிறியது:

```
விடை = தொட்டி + (1 − alpha) × புகைப்படம் × நிழல் அடுக்கு
```

தொட்டி மறைக்கும் பிக்சலில் alpha 1. அங்கே தொட்டி மட்டும் தெரியும். மற்ற இடங்களில் புகைப்படம் நிழல் விகிதத்தால் பெருக்கப்படும். பிளெண்டரின் சேர்ப்புப் பகுதியில் முதலில் `Multiply`, அடுத்து `Alpha Over` என்று இரண்டு கணுக்களைப் போட்டால் இந்த வாய்பாடு அமைந்துவிடும். வளைவு நீக்கும் வேலையை மென்பொருளே செய்துகொள்ளும். `Shadow Catcher` அடுக்கைத் தெரிவுசெய்ய மறந்தாலும் ஒரு நிழல் கிடைக்கும். ஆனால் அது தொட்டியின் படத்தோடு ஒட்டி வரும் வெறும் கறுப்பு நிழல், ஒரு தோராயம். வெயில் மஞ்சளாகவும் வானொளி நீலமாகவும் இருப்பதால் உண்மை நிழல் சற்று நீலம் பூத்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு விகிதங்களைத் தரும் தனி அடுக்கில்தான் அது கிடைக்கும்.

கடைசியில் புகைப்படம் முழுவதும் சாம்பல் பூத்தது போல் மங்கிப்போனால் நிழலைக் குறைசொல்லாதீர்கள். பிளெண்டரின் புதிய பதிப்புகள் எல்லாப் படங்களையும் AgX என்ற நிறமாற்றத்தின் வழியாக வெளியிடுகின்றன. புகைப்படமோ தொலைபேசிக்குள்ளேயே ஒருமுறை அப்படி மாற்றப்பட்டுவிட்டது. `View Transform` என்ற இடத்தில் `Standard` என்று மாற்றினால் சரியாகிவிடும்.

சூரியனுக்கு வருவோம். மென்பொருளில் `Sun` விளக்கை 60 பாகை உயரத்தில், கோலின் நிழல் காட்டிய திசையில் வைக்கவேண்டும். `Angle` என்ற இடத்தில் சூரியனின் உண்மையான கோண அகலத்தை, அதாவது 0.53 பாகையை இடவேண்டும். இந்தச் சிறிய எண்தான் நிழலின் ஓரத்தைத் தீர்மானிக்கிறது. தொட்டியின் உச்சியிலிருந்து நிழலின் முனைவரை ஒளி 1.73 மீட்டர் பயணிக்கிறது. அந்தத் தூரத்தில் 0.53 பாகை என்பது ஏறக்குறைய 1.6 செண்டிமீட்டர். சாய்ந்து விழுவதால் தரையில் 1.8 வரை போகும். ஆகவே நிழலின் முனை இரண்டு செண்டிமீட்டருக்குள் மங்கலாகவும், தொட்டியின் அடியில் கத்தி வெட்டியது போல் கூராகவும் இருக்கவேண்டும். தூரிகை நிழலில் ஓரம் முழுவதும் ஒரே அளவில் மங்கியிருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாக அமைந்ததா என்று எப்படி அறிவது? கோலோடு எடுத்த படம் இப்போது கைகொடுக்கும். தொட்டியை மறைத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள கணினிக் கோலை நிறுத்துங்கள். அதன் நிழல், புகைப்படத்தில் உள்ள உண்மைக் கோலின் நிழல்மீது அச்சாகப் படியவேண்டும். திசை விலகினால் சூரியனைத் திருப்புங்கள். நீளம் மாறினால் உயரத்தைத் திருத்துங்கள். பிறகு அட்டையின் நிழலில் நாம் அளந்த 0.2 நிழல் அடுக்கிலும் வருகிறதா என்று பார்த்து, வெயில் விளக்குக்கும் வானொளிக்கும் உள்ள பலத்தைக் கூட்டிக் குறையுங்கள். கணித்ததை உண்மையோடு ஒப்பிட்டுத் திருத்துவது என்பது நாம் ஆய்வுக்கூடத்தில் செய்யும் அதே வேலைதான். ஆகவேதான் இதை அறிவியல் வகுப்புக்கு உரிய வேலை என்கிறேன்.

ஆழ அடுக்கின் வேலை வேறு. `Z` என்ற இந்த அடுக்கில் நிறம் இல்லை. ஒவ்வொரு பிக்சலிலும் தெரியும் பரப்பு கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற எண் மட்டும் இருக்கிறது. நம் படத்தில் செங்கல் விளிம்பு 3.8 மீட்டர், தொட்டி 4.2, சுற்றுச்சுவர் 7 என்று வரலாம். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், முன்னால் நிற்கும் விளிம்பு தொட்டியின் அடிப்பகுதியில் ஏறக்குறைய 30 செண்டிமீட்டரை மறைக்கவேண்டும். ஒட்டுவேலைப் படங்களில் தொட்டி விளிம்பின்மேல் ஏறி நிற்பதற்குக் காரணம் இதைக் கவனிக்காததுதான். புகைப்படத்துக்கு ஆழம் தெரியாது. நாம் கட்டிய பெட்டிதான் விளிம்பின் ஆழத்தைச் சொல்கிறது. இரண்டு எண்களையும் ஒப்பிட்டு, சிறியது எதுவோ அதை முன்னால் காட்டவேண்டும்.

இந்த அடுக்கை முதன்முறை திறந்து பார்ப்பவர்கள் கெட்டுப்போன கோப்பு என்று நினைத்துவிடுவார்கள். திரை முழுவதும் வெள்ளையாக இருக்கும். 1-க்கு மேல் உள்ள எந்த எண்ணையும் திரை வெள்ளையாகவே காட்டும் என்பதுதான் காரணம். பொருள் எதுவும் இல்லாத வானத்துக்கு மென்பொருள் 10000000000 என்று ஒரு மாபெரும் எண்ணை இட்டுவைக்கிறது. கோப்பில் தவறில்லை; நாம் எண்ணைப் படமாகப் பார்க்கிறோம். இதே காரணத்தால் இதைச் சாதாரண PNG கோப்பாகச் சேமிக்கக்கூடாது. 8 பிட் கோப்பில் 256 படிகளே உண்டு. பத்து மீட்டரை 256 படிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 4 செண்டிமீட்டர்; ஒரு செங்கல்லின் பாதித் தடிமன் அதிலேயே காணாமற்போகும். `OpenEXR MultiLayer` வகையில் 32 பிட் துல்லியத்தில் சேமித்தால் எண்கள் அப்படியே இருக்கும்.

ஆழ எண்களைச் சராசரி எடுக்கவும் கூடாது. தொட்டியின் ஓரத்தில் உள்ள பிக்சலில் பாதி தொட்டி, பாதி சுவர். நிறமாக இருந்தால் இரண்டையும் கலந்து ஓரத்தை மென்மையாக்கலாம். ஆழத்தைக் கலந்தால் 4.2-க்கும் 7-க்கும் நடுவே 5.6 வரும். அந்தத் தூரத்தில் அங்கே எந்தப் பொருளும் இல்லை. அதனால்தான் Cycles ஒரு பிக்சலுக்கு ஒரே ஓர் ஆழ மதிப்பைக் கலக்காமல் எடுக்கிறது. இதன் விலை, ஆழத்தை வைத்து ஒரு பொருளை வெட்டினால் ஓரம் படிக்கட்டுப் போல் தெரியும் என்பது. ஆகவே எது முன்னால், எது பின்னால் என்று முடிவுசெய்யவும் சரிபார்க்கவும் மட்டும் ஆழ அடுக்கைப் பயன்படுத்துங்கள். வெட்டும் வேலைக்கு, விளிம்புப் பெட்டிக்கு `Holdout` கொடுத்து இன்னொரு முறை ரெண்டர் செய்துகொள்ளலாம். என் மாணவர்கள் இதற்கு முணுமுணுப்பார்கள். ஆனால் ஓரம் சுத்தமாக வரும்.

சரிபார்ப்பதற்கு ஆழ அடுக்கைவிட நல்ல கருவி இல்லை. படம் எடுக்கும்போது தொலைபேசியிலிருந்து கோல் நின்ற இடம்வரை அளவுநாடாவால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆழ அடுக்கில் அதே இடத்தைச் சொடுக்கி எண்ணை வாசியுங்கள். படத்தின் நடுப்பகுதியில் இரண்டும் சில செண்டிமீட்டர்களுக்குள் ஒத்துப்போகவேண்டும். நாடா 4.2 என்று சொல்ல, அடுக்கு 6 என்று சொன்னால் உங்கள் மென்பொருளின் மீட்டர் உண்மை மீட்டர் இல்லை. அந்தக் காட்சியில் 1.5 மீட்டர் என்று நீங்கள் வைத்த தொட்டி, படத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர்த் தொட்டியாகச் சுருங்கித் தெரியும். பார்ப்பவர் யாருக்கும் இது புலப்படாது. சங்கத்தினர் சின்னத் தொட்டிதானே என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஓவியம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் இதற்கெல்லாம் சிரித்தார். மனிதக் கண் நிழலின் திசையைக்கூட ஒழுங்காகக் கவனிப்பதில்லை, பொருளின் அடியில் கொஞ்சம் இருட்டு இருந்தால் போதும், தரையில் நிற்கிறது என்று நம்பிவிடும் என்றார். அவர் சொன்னது உண்மை. பல நூற்றாண்டுகளாக ஓவியர்கள் இந்தப் பலவீனத்தை வைத்துத்தான் வேலை செய்திருக்கிறார்கள். என் கவலையும் அதுதான். கண் கண்டுபிடிக்காது என்றால், படத்தை நம்பி முடிவெடுப்பவரைக் காப்பாற்ற அளவுநாடாவும் எண்களும்தான் மிஞ்சுகின்றன.

நம் கீரைப் பாத்தியையே பாருங்கள். 11.20 மணிக்கு நிழல் 87 செண்டிமீட்டர். விளிம்பைத் தாண்டி, அதன் நிழற்பட்டையையும் தாண்டி, பாத்தியில் புதிதாக மறைவது 24 செண்டிமீட்டர் அளவுதான். படத்தைப் பார்த்தால் தொட்டியால் கீரைக்குப் பெரிய பாதிப்பில்லை என்றுதான் தோன்றும். அதே நாளில் 9.20 மணிக்குச் சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும். சூரிய விளக்கைத் தாழ்த்திப் பாருங்கள்: நிழல் 2.6 மீட்டர் நீண்டு பாத்திக்குள் வெகுதூரம் பாயும். கணக்கிட்ட காட்சியில் இதைச் சோதிக்க ஓர் எண்ணை மாற்றினால் போதும். நிழலின் வடிவம் உடனே கிடைக்கும். அதை 11.20 மணிப் புகைப்படத்தோடு மட்டும் சேர்த்துவிடக்கூடாது. அந்தப் படத்தில் பதிவான வெயில் வேறு. 9.20-க்கு இன்னொரு படம் எடுக்கவேண்டும். தீட்டிய நிழலில் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. தொட்டியைப் பாத்தியின் வேறு பக்கம் வைத்தால் என்ன என்பதையும் இப்படியே பார்க்கலாம். நம் நாட்டில் நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் ஒரே பக்கம் விழுவதில்லை. கோலாலம்பூரில் ஜூன் கடைசியில் இந்தத் தொட்டியின் நண்பகல் நிழல் தெற்கே 55 செண்டிமீட்டர். டிசம்பர் கடைசியில் வடக்கே 75 செண்டிமீட்டர். மேல்நாட்டுப் பயிற்சிக் காணொளிகளில் நண்பகலிலும் நிழல் ஒரே பக்கமாக நீண்டு கிடக்கும். அதைப் பார்த்து நம் மாணவர்கள் வைக்கும் சூரியன் நம் வானத்துச் சூரியன் அல்ல.

ஆகவே கண்காட்சி நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட படம் வந்தால், முடிந்த படத்தோடு மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: கோலோடு எடுத்த மூலப் புகைப்படம், எடுத்த தேதியும் நேரமும், அடுக்குகள் அடங்கிய `.exr` கோப்பு. அந்தக் கோப்பில் நிழல் அடுக்கை மட்டும் தனியே திறந்து காட்டச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில் தொட்டியின் நிழல் மட்டும் படிந்தது போல் இருக்கவேண்டும். செங்கல் விளிம்பு வரும் இடத்தில் நிழல் மடிந்து ஏறியிருக்கவேண்டும். அதை அடுத்த 23 செண்டிமீட்டர்ப் பட்டை ஏறக்குறைய வெண்மையாகவே இருக்கவேண்டும். அந்தப் பட்டை ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று மாணவரிடம் கேட்டு, அவர் சொல்லும் விளக்கத்துக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.